உள்ளங்கை சூடானால் ‘சி’ வந்துவிட்டதா? சி குங், தாய் சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சி’ன்னா என்ன? எல்லாரும் உயிர்சக்தின்னு சொல்றாங்க, ஆனா அது எங்கே இருக்குன்னு யாரும் சொல்றதில்லை.

சீன எழுத்தில் அந்தச் சொல்லின் பழைய வடிவத்தைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். கீழே அரிசி, மேலே எழும்பும் ஆவி. உலை கொதிக்கும்போது மூடியைத் தட்டித் தூக்கும் ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது, மூடியைத் தூக்குவது மட்டும் கையில் பிடிபடுவதில்லை.

சீனர்களுக்கு இது பூஜை அறைச் சொல் அல்ல, தினப்பேச்சுச் சொல். வானிலையை ‘வானத்தின் சி’ என்கிறார்கள். கோபம் வந்தால் ‘சி எழுந்தது’. உடல்பலமும் ‘சி’ சேர்ந்த சொல்தான், சைக்கிள் டயருக்கு அடிக்கும் காற்றும் அப்படியே. அவர்களுடைய மருத்துவம் இதே சொல்லை எடுத்து, ரத்தத்தை ஓட்டிச் செல்வது சி, அது தடைபட்டால் வலி, குறைந்தால் சோர்வு என்று கணக்கு வைத்தது. நரம்பு, ஹார்மோன், ரத்த அழுத்தம் என்று இன்று நாம் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிற பலவற்றையும் அந்த ஒரே சொல் சுமந்தது.

அதைக் கருவியில் காட்ட முடியுமா என்றால் முடியாது. பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. பயிற்சி செய்பவருக்கு உடல் நிற்கும் விதம், மூச்சு, கவனம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது ஏற்படும் நிலைக்குப் பெயர் ‘சி’ என்று வைத்துக்கொண்டால் போதும். சீன ஆசிரியர்களும் உடலைச் சரிசெய், மூச்சைச் சரிசெய், மனத்தைச் சரிசெய் என்ற இந்த மூன்றைத்தான் முதலில் சொல்வார்கள். சியைத் தேடு என்று தொடங்குபவர் அநேகமாகத் தவறான இடத்தில் தொடங்குகிறார்.

தாய் சியில் வர்ற ‘சி’யும் இதே ‘சி’தானே?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வரும் குழப்பம் இது. தாய் சியின் ‘சி’ வேறு எழுத்து. அதற்கு உச்சி, எல்லை, முனை என்று பொருள். ‘தாய் சி’ என்றால் மீப்பெரும் எல்லை, அதாவது யின், யாங் என்ற எதிரெதிர்ச் சக்திகள் இரண்டும் பிரிந்து வருகிற மூலநிலை. முழுப்பெயரில் கடைசியாக மடக்கிய கையை, அதாவது முஷ்டியைக் குறிக்கும் ‘சுவான்’ என்ற சொல்லும் உண்டு. ஆக, அது பிறப்பால் ஒரு சண்டைக்கலை. ஹெனான் மாநிலத்தின் சென் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவானதாகச் சொல்லப்படுகிறது. அங்கே கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் அதை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். இன்று பூங்காக்களில் அதிகம் பார்க்கும் 24 அசைவு வரிசையை 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் குடும்பப் பாணியைச் சுருக்கி அமைத்தது.

உடல், மூச்சு, கவனம் மூன்றையும் சேர்த்துப் பழகும் சி குங்கில் வருவதுதான் நாம் பேசும் ‘சி’. ‘குங்’ என்பது காலம் போட்டுப் பெறும் தேர்ச்சி. குங் ஃபூவில் வருவதும் அதே குங்தான். பயிற்சிகள் மிகப் பழையவை. மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1970களில் எடுத்த பட்டுத்துணியில், உடலை நீட்டி வளைக்கும் 44 உருவங்கள் வரையப்பட்டிருந்தன. ஆனால் இவை எல்லாவற்றையும் ‘சி குங்’ என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது 1950களில்தான். ஹெபெய் மாநிலத்தில் லியூ குய்ஜென் நடத்திய சிகிச்சை நிலையங்கள் வழியாக அந்தப் பெயர் பரவியது.

நம்ம ஊர் பிராணாயாமமும் இதுவும் ஒண்ணுதானே? வேற பேர்தானே?

கருத்தில் நெருங்கிய சொந்தம், செய்முறையில் தூரத்து உறவு. பிராணன், சி இரண்டுமே மூச்சில் தொடங்கி உயிர் வரை விரியும் சொற்கள். ஆனால் பிராணாயாமத்தில் மூச்சைத்தான் நேரடியாகக் கையாள்கிறோம்: நாசியை மாற்றுகிறோம், கும்பகத்தில் நிறுத்துகிறோம், எண்ணிக்கை வைக்கிறோம். பெரும்பாலான சி குங் முறைகளில் மூச்சை நிறுத்துவதில்லை. அசைவு முன்னே போகும், மூச்சு பின்னால் வரும். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே வந்ததும் பழக்கதோஷத்தில் கையை உயர்த்திய இடத்தில் மூச்சைக் கட்டிக்கொள்வார்கள். முதலில் விடவேண்டிய பழக்கம் அதுதான்.

ஒரு சுவையான ஒற்றுமை. தொப்புளுக்கு மூன்று விரல் கீழே, வயிற்றின் உள்ளே, கவனத்தை வைக்கும் இடத்தை ‘தான்தியன்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் சாதிலிங்க வயல். பாதரசம் தரும் அந்தச் சிவப்புக் கல்லைச் சித்தர்களைப் போலவே சீன ரசவாதிகளும் காயசித்திக்காகப் புடம் போட்டார்கள். பின்னாளில் உலை உடம்புக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

போதிதர்மர்தான் இதையெல்லாம் இங்கிருந்து கொண்டுபோனார் என்பது பற்றியும் கேட்பார்கள். அவர் பெயரில் வழங்கும் தசைநார் மாற்றும் பயிற்சி நூலில் 1624ஆம் ஆண்டு குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது அது. மாவாங்துய் துணியோ அவருக்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது.

தினமும் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். எதுல ஆரம்பிக்கலாம்?

நிற்பதில். சீனத்தில் இதற்கு ‘ஜான் ஜுவாங்’ என்று பெயர், முளையடித்தாற்போல் நிற்பது என்று பொருள். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, தப்பு இருந்தால் மறைக்கவும் வழியில்லை.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இரண்டையும் இணையாக நேரே நோக்க வையுங்கள். நம்மில் பலருக்குப் பாதம் தானாகவே வெளியே திரும்பும். தரையில் ஓடு பதித்திருந்தால் அதன் கோட்டை வைத்துச் சரிபாருங்கள். முழங்காலைப் பூட்டைத் திறப்பது போல லேசாகத் தளர்த்துங்கள். உட்காருகிற அளவுக்கு வேண்டாம், பின்பக்கம் விறைப்பு போனால் போதும். அடுத்து இடுப்பு. உயரமான ஸ்டூலின் விளிம்பில் சாய்ந்து உட்காரப் போவதைப் போல வால் எலும்பைக் கீழே விடுங்கள். முதுகை ஒரு சுவரில் ஒட்டிப் பாருங்கள். முன்பு கீழ்முதுகுக்கும் சுவருக்கும் இடையே உள்ளங்கை தாராளமாக நுழைந்த இடத்தில் இப்போது விரல்கள்தான் நுழையும். சுவரை முழுதாக அழுத்தித் தட்டையாக்க வேண்டாம், அது வயிற்றை இறுக்கிவிடும்.

உச்சந்தலையை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல வைத்துத் தாடையைச் சற்று உள்ளே இழுங்கள். நாக்கின் நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் மெதுவாகத் தொடட்டும். கடைசியில் கைகள்: பெரிய பானையை அணைத்திருப்பது போல, தோளுக்குக் கீழே, முழங்கை மணிக்கட்டை விடச் சற்று தாழ்ந்து இருக்க வேண்டும். அக்குளில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும் இடைவெளி விடுங்கள்.

முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிப் பத்தில் நிறுத்துங்கள். கைகள் தாங்கவில்லை என்றால் தொப்புள் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம், அதில் குறை ஒன்றுமில்லை. நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டு அசையாமல் இருப்பதுதான் ஆபத்து. காலில் ரத்தம் தேங்கி, கண் இருட்டி விழுபவர்கள் உண்டு. குமட்டல், குளிர் வியர்வை, காதில் இரைச்சல் வந்தால் உடனே உட்காருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மூணாவது நிமிஷத்துலயே தொடை நடுங்குது, உள்ளங்கை சூடாகி விரல் குறுகுறுங்குது. சி ஓட ஆரம்பிச்சிடுச்சா?

நடுக்கத்தையும் சூட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுக்கம் தொடைத்தசை களைத்ததன் அடையாளம். மாடிப்படி ஏறினாலும் அது வரும். சில வாரங்களில் குறையும். குறையவில்லை என்றால் ஆழமாக இறங்கி நிற்கிறீர்கள்.

உள்ளங்கைச் சூடு கொஞ்சம் நல்ல செய்தி. தோளும் மனமும் தளரும்போது விரல்களின் சின்ன ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தோலின் வெப்பம் ஏறுகிறது. பழைய நூல்கள் ‘சி கைக்கு வந்தது’ என்று சொன்னதும் இந்த அனுபவத்தைத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தளர்வின் விளைவு. அதையே குறிவைத்தால் கையை இறுக்கிக்கொண்டு காத்திருப்பீர்கள், வந்ததும் போய்விடும்.

குறுகுறுப்பில் கவனம் தேவை. இரண்டு கையிலும் சேர்ந்து வந்து, உதட்டைச் சுற்றியும் மரத்து, தலை லேசாகச் சுற்றினால் அது சி அல்ல, அளவுக்கு மீறி மூச்சு விடுகிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் நேர்வது. வாயை மூடி, மூக்கு வழியாகச் சின்னதாகச் சுவாசித்தால் சில நிமிடங்களில் அடங்கும். ஒரு கையில் மட்டும், அதுவும் கழுத்தைத் திருப்பும்போது வந்தால் நரம்பு அழுத்தமாக இருக்கலாம். பயிற்சியை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சை வயித்துக்கு இறக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு இழுக்கணும்?

இழுக்கவே வேண்டாம். காற்று நுரையீரலைத் தாண்டி இறங்காது. உதரவிதானம் கீழே போவதால் வயிறு முன்னே வருகிறது, அதைத்தான் ‘இறக்குவது’ என்கிறார்கள். வயிற்றை வேண்டுமென்றே உப்பவைத்தால் வயிற்றுத்தசைதான் வேலை செய்யும், மூச்சு அல்ல. படுத்துக்கொண்டு கையைத் தொப்புளில் வைத்துப் பாருங்கள். தூங்கப்போகும் முன் கை எப்படி ஏறி இறங்குகிறதோ, நிற்கும்போதும் அவ்வளவே. வெளிவிடும் மூச்சு மட்டும் உள்ளிழுப்பதை விடச் சற்று நீளமாக இருக்கட்டும். உள்ளிழுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்கும் தலைகீழ் முறையும் உண்டு, அதை நூலைப் பார்த்துத் தனியாகத் தொடங்காதீர்கள்.

எட்டுத் துண்டுப் பட்டுன்னு ஒரு வரிசை இருக்காமே. அதுல முதல் அசைவையாவது சரியா சொல்லுங்க.

பாதுவான்சின் என்பது அதன் பெயர். சோங் அரச வம்சக் காலத்திலேயே பேசப்பட்ட வரிசை. 2003இல் சீன அரசு தரப்படுத்தி வெளியிட்ட நான்கு வரிசைகளில் ஒன்று. முதல் அசைவின் பெயர் ‘இரு கையால் வானத்தைத் தாங்கி மூன்று அடுப்பைச் சீராக்கல்’. மார்பு, மேல்வயிறு, அடிவயிறு ஆகிய மூன்று பகுதிகளையும் மூன்று அடுப்பு என்று பார்த்தது அவர்கள் மருத்துவம்.

நின்ற நிலையிலிருந்து கைகளை அடிவயிற்றுக்கு முன் கொண்டுவந்து, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். மார்பு வரை தூக்கும்போது முழங்காலும் மெல்ல நிமிரும். மார்பருகே உள்ளங்கையை உள்பக்கமாகத் திருப்பி, மேலே புரட்டி, தலைக்கு மேல் தள்ளுங்கள். கண் கையைத் தொடர்ந்து மேலே போகும். முழங்கை நீண்டதும் தாடையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து நேரே பாருங்கள். இந்த இடத்தில்தான் ஒரு சின்ன நிறுத்தம். உள்ளங்கையின் அடிப்பகுதி கூரையை இன்னும் ஒரு அங்குலம் தள்ளுவதாக நினைத்து இரண்டு விநாடி நீளுங்கள். பிறகு விரலைப் பிரித்து, கைகளைப் பக்கவாட்டில் இறக்குங்கள், கூடவே முழங்காலும் தளரும். ஏறும்போது உள்மூச்சு, இறங்கும்போது வெளிமூச்சு. ஆறு முறை.

கெட்டுப்போகும் இடம் உச்சி. தோள் காதைத் தொட ஏறிவிடும், கீழ்முதுகு வில்லாக வளைந்துவிடும். விலா எலும்பின் கீழ்விளிம்பு முன்னால் துருத்தினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தோள் இறுகியவர்கள் கையை முழுதாக நீட்டாமல் நெற்றி உயரத்தில் நிறுத்தலாம். உச்சியில் மூச்சைக் கட்டி முக்குவது ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதல்ல, நிறுத்தம் அசைவுக்குத்தான், மூச்சுக்கு அல்ல.

தாய் சி சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. இப்ப முழங்கால் உள்பக்கம் வலிக்குது. மெதுவான பயிற்சிதானே, எப்படி?

மெதுவாகச் செய்வதால்தான். ஒற்றைக்காலில், மடித்த முழங்காலில் நிற்கும் நேரம் நடப்பதை விடப் பல மடங்கு நீளம். அதில் சின்னத் திருகல் சேர்ந்தாலும் ஒரு பயிற்சிக்குள் பல தடவை திரும்பத் திரும்ப விழும்.

24 அசைவு வரிசையில் ‘முழங்காலைத் துடைத்து அடியெடுத்தல்’ என்ற அசைவை எடுத்துக்கொள்வோம், அநேகமாக வலி இங்கே தொடங்கும். இடது கால் முன்னே, எடை அதன் மேல். இப்போது வலது காலை முன்னே வைக்க வேண்டும். சரியான முறையில் முதலில் எடை பின்காலுக்கு உட்காரும், இடது கால்விரல்கள் தரையை விட்டு எழும்பும். இடுப்பு இடப்புறம் திரும்பும்போது அந்தப் பாதமும் குதிகாலில் சுழன்று சுமார் 45 பாகை வெளியே திரும்பும். பாதம் பதிந்த பிறகே எடை முன்னே வரும், பின்கால் கூடி வந்து, குதிகால் முதலில் படும்படி அடி விழும்.

புதியவர்கள் உட்காரும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எடை முழுவதும் இடது காலில் இருக்க, பாதம் நேரே பார்த்தபடி இறுகிக் கிடக்கும். இடுப்பு மட்டும் திரும்பும். கீழ்க்கால் அசையாமல் தொடை திரும்பினால் அந்தத் திருகு போய்ச் சேரும் இடம் முழங்கால்தான். காது கொடுத்தே கண்டுபிடிக்கலாம்: பாதம் திரும்பும்போது செருப்படி தரையில் கிறீச்சென்று உரசினால் எடை பின்காலுக்குப் போகவில்லை.

இன்னொரு காரணம், கயிற்றின் மேல் நடப்பது போல இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வைப்பது. இந்த அசைவில் இரு குதிகாலுக்கும் இடையே பக்கவாட்டில் சுமார் 30 செ.மீ. அகலம் வேண்டும். அது இல்லாவிட்டால் சமநிலைக்காக முன்முழங்கால் உள்ளே சாயும். அடி முடிந்ததும் குனிந்து பாருங்கள்: முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையில் இருக்க வேண்டும், கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது.

திருத்துவதற்கு, இரண்டு வாரம் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் வேலையை மட்டும் செய்யுங்கள், நிற்கும் உயரத்தையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தாழ்வாக இறங்கினால்தான் நல்ல தாய் சி என்பது வீடியோவில் பார்த்து வரும் ஆசை. முழங்கால் வீங்கினாலோ, மடங்கும்போது சிக்கிக்கொண்டாலோ இந்தத் திருத்தம் போதாது, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இதுல பலன் உண்டுன்னு ஆராய்ச்சி இருக்கா, இல்ல நம்பிக்கையா?

சில விஷயங்களில் நல்ல சான்று உண்டு. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் மூன்று குழுக்களாக வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம், 24 வாரம் பயிற்சி செய்தார்கள். உடல் சமநிலையில் தாய் சி குழு, எடைப்பயிற்சிக் குழுவையும் நீட்டற்பயிற்சிக் குழுவையும் விட நன்றாக இருந்தது. கீழே விழுவது நீட்டற்பயிற்சிக் குழுவை விடக் குறைந்தது, எடைப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் தெளிவான வித்தியாசம் இல்லை. 2016இல் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் செய்த ஆய்வில் தாய் சியும் பிசியோதெரபியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

இந்த ஆய்வுகள் பயிற்சியை அளந்தன, சியை அளக்கவில்லை. தான் எதைச் செய்கிறோம் என்று செய்பவருக்குத் தெரியாமல் இருக்கவும் வழியில்லை, அதனால் எதிர்பார்ப்பின் பங்கும் கலந்தே இருக்கும். புற்றுநோய் கரையும், இன்சுலினை நிறுத்தலாம் என்று சொல்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் தொடாமலே சியை அனுப்பி ஆளைத் தள்ளுறாரே, அது?

தள்ளப்படுவது எப்போதும் அவருடைய மாணவராக இருப்பதைக் கவனியுங்கள். ‘வெளி சி’யைக் கருவியில் அளந்துவிட்டோம் என்ற அறிவிப்பு 1970களின் இறுதியில் ஷாங்காயில் வந்தது. 1980களில் சீனா முழுக்க சி குங் மோகம் பரவ அதுவும் ஒரு காரணம். வெதுவெதுப்பான எந்தக் கையிலிருந்தும் அகச்சிவப்புக் கதிர் வரும் என்பதைத் தாண்டி அதில் நிலைத்து நின்றது எதுவுமில்லை.

அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல மணி நேரம் கவனத்தை உடலுக்குள் திருப்பிக் கிடந்தவர்களில் சிலருக்குத் தூக்கம் போய், குரல்கள் கேட்டு, மனம் பிறழ்ந்தது. 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு இதைத் தனியாகப் பெயரிட்டுப் பட்டியலிட்டது. மனநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், குடும்பத்தில் அப்படி இருந்தவர்கள், கண்மூடி நெடுநேரம் செய்யும் வகைகளைத் தவிர்த்து, கண்திறந்து அசையும் வரிசைகளோடு நிற்பது நல்லது.

முடிக்கும்போது எல்லாரும் கையை வயித்துல வெச்சு நிக்கிறாங்களே, எதுக்கு?

பழைய விளக்கம்: கலைந்த சியைத் தான்தியனில் சேர்த்து வைப்பது. அந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் இதைச் செய்ய வேண்டும். நின்றுவிட்டுச் சட்டென்று போனை எடுத்து நடந்தால் சிலருக்குத் தலை பாரமாக, எரிச்சலாக இருக்கும். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்புளுக்குக் கீழே வைத்து, ஒன்பது மூச்சு எண்ணுங்கள். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தைத் துடைத்து, மேல்தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை தட்டிக்கொண்டே இறங்குங்கள். வேர்த்திருந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள், பத்து நிமிடம் கழித்துக் குளியுங்கள்.